நான்காம் அத்தியாயம்: விடுமுறை, பண்டிகை, அநுசரிப்பு நாள், நினைவு நாள்

உத்தியோகத்தின் பொருட்டு டில்லிக்குப் புதிதாக வந்து சேரும் தமிழர் ஒருவர், சுவரில் தொங்கும் நாட்காட்டியில் சிவப்பு எண்ணாக அச்சிட்டிருப்பவை யாவும் பண்டிகைகள் என்றும், கறுப்பு எண்ணாக இருப்பவை யாவும் விசேஷமற்ற சாதாரண நாட்கள் என்றும் எண்ணிக்கொள்வாராயின், முதல் ஆண்டு முடிவதற்குள்ளாகவே அவர் பலவிதச் சங்கடங்களுக்கு உள்ளாவார். தம் வீட்டில் தீபாவளி நடக்கும் நாளில் அலுவலகம் திறந்திருப்பதையும், துக்கம் காக்கும் சமூகத்தார் ஒருவருக்குத் தாம் வாழ்த்துச் சொல்லிவிட்டதையும், விடுமுறை என்று நம்பி வராதிருந்த நாளில் மற்றவரெல்லாம் கூடத்தில் நின்று பிரதிக்ஞை எடுத்துக்கொண்டதையும் அவர் பின்னரே அறிவார். இச்சங்கடங்களுக்கெல்லாம் காரணம் ஒன்றுதான். விடுமுறை, பண்டிகை, அநுசரிப்பு நாள், நினைவு நாள் என்னும் நான்கும் ஒரே பொருளின் நான்கு பெயர்கள் என்று நாம் கொண்டுவிடுவதே அது. உண்மையில் இந்நான்கும் வெவ்வேறு வினாக்களுக்கு விடைகளாக அமைந்தவை.

நான்கு வினாக்கள்

ஒரு நாளை எடுத்துக்கொண்டு, அன்று வேலை நிற்கிறதா, யாருடைய உத்தரவினால் நிற்கிறது என்று கேட்டால் கிடைப்பது விடுமுறை பற்றிய விடை. அன்று மக்கள் தம் மரபின்படி வீட்டிலும் கோயிலிலும் தெருவிலும் என்ன கொண்டாடுகிறார்கள் என்று கேட்டால் கிடைப்பது பண்டிகை. ஒரு கொள்கையையோ கடமையையோ மனத்தில் பதிப்பதற்காக அரசாங்கமோ ஸ்தாபனமோ எந்தச் செயலை அன்று செய்யச் சொல்லியிருக்கிறது என்று கேட்டால், அநுசரிப்பு நாள் எது என்பது விளங்கும். மறைந்த யாரை முன்னிட்டு, அல்லது நேர்ந்த எந்த இழப்பை முன்னிட்டு அன்று தலை வணங்குகிறோம் என்று கேட்டால் நினைவு நாள் புலப்படும்.

வினாக்கள் வெவ்வேறாகையால், ஒரே நாள் இரண்டு மூன்று விடைகளை ஏற்பதும் உண்டு. ஒரே ஒரு விடையை மட்டும் ஏற்பதும் உண்டு. ஆகையால், "இது விடுமுறையா, பண்டிகையா?" என்று ஒன்றை விலக்கி ஒன்றைத் தேர்ந்தெடுக்க முயல்வது முறையன்று. நான்கு வினாக்களையும் தனித்தனியே கேட்டு, விடைகளைத் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

விடுமுறை: உத்தரவினால் ஏற்படுவது

விடுமுறை என்பது அதிகாரமுடைய ஒருவருடைய எழுத்து மூலமான உத்தரவினால் மட்டுமே உண்டாவது. டில்லியிலுள்ள மத்திய அரசாங்க அலுவலகங்களுக்கு அந்த உத்தரவை ஆண்டுதோறும் வெளியிடுவது பணியாளர் மற்றும் பயிற்சித் துறை. அந்தச் சுற்றறிக்கையில் இரண்டு பட்டியல்கள் உள்ளன. முதலாவது, அலுவலகமே மூடப்படும் நாட்களின் பட்டியல். நெடுங்காலமாக நிலவிவரும் ஏற்பாட்டின் பிரகாரம் இது 17 நாட்களைக் கொண்டது. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய மூன்று தேசிய விடுமுறைகளும் இதில் அடங்கும். இரண்டாவது பட்டியல் வரையறுக்கப்பட்ட விடுமுறைகளுக்கு உரியது. அலுவலக வழக்கில் இதனை ஆர்.எச். என்பார்கள். இப்பட்டியல் நீளமானது, ஆனால் ஓர் ஊழியர் இதிலிருந்து ஆண்டுக்கு இரண்டு நாட்களை மட்டுமே தமக்கென்று தெரிந்துகொள்ளலாம். அவர் விடுப்பில் இருக்கும் அன்று அலுவலகம் வழக்கம்போல் நடைபெறும். தமிழ்நாட்டில் பல நாள் விடுமுறையாக விரியும் பொங்கல், டில்லியில் இந்த இரண்டாம் பட்டியலில்தான் இடம்பெறுவது வழக்கம். ஆகையால் தைப் பிறப்பன்று வீட்டில் இருக்க விரும்புவோர், தமக்குரிய இரண்டில் ஒன்றை அதற்கென்று முன்கூட்டியே ஒதுக்கிவைத்து, விண்ணப்பமும் கொடுத்துவிடுதல் நலம்.

டில்லியில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். இந்நகரில் மத்திய அரசாங்கமும் டில்லி அரசாங்கமும் அடுத்தடுத்த கட்டடங்களில் இயங்குகின்றன. இரண்டின் விடுமுறைப் பட்டியல்களும் முழுவதும் ஒன்றல்ல. தந்தை மத்திய அரசாங்கத்திலும் தாய் டில்லி அரசாங்கப் பள்ளியிலும் பணி செய்யும் குடும்பத்தில், ஒருவருக்கு விடுமுறையாகவும் மற்றவருக்கு வேலை நாளாகவும் ஒரே நாள் அமைவது இயல்பு.

விடுமுறை விழும் கிழமையும் முக்கியம். பண்டிகைக்குரிய விடுமுறை ஞாயிற்றுக்கிழமையிலோ வேறு வார ஓய்வு நாளிலோ வந்துவிட்டால், அதற்கு ஈடாக வேறொரு நாள் கொடுக்கப்படுவதில்லை என்று மத்திய அரசாங்கத்தின் சுற்றறிக்கை தெளிவாகவே கூறுகிறது. 2023-இல் தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை வந்தது. டில்லி ஊழியர்களுக்கு அந்த விடுமுறை ஞாயிற்றுக்கிழமையோடு கலந்து மறைந்துபோயிற்று. அதே தீபாவளிக்குச் சிங்கப்பூரில் மறுநாள் திங்கட்கிழமையும் பொது விடுமுறையாயிற்று. ஏனெனில் அந்நாட்டுச் சட்டம் அவ்வாறு ஏற்பாடு செய்திருக்கிறது. இரண்டு ஊர்களிலும் பண்டிகை ஒன்றே. விடுமுறையை மட்டும் அவ்வவ்விடத்துச் சட்டம் நிர்ணயித்தது.

பொது விடுமுறை என்பது ஓய்வுக்கு மட்டுமன்றிப் பண வழக்குகளுக்கும் சம்பந்தமுடையது. 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி, தவணை குறித்த புரோநோட்டு ஒன்று, சலுகை நாட்கள் மூன்றையும் கூட்டிக் கணக்கிட்ட பின், பொது விடுமுறை நாளில் முதிருமானால், அதற்கு முந்திய வேலை நாளிலேயே அது முதிர்ந்ததாகக் கொள்ளப்படும். அக்டோபர் 2 செவ்வாய்க்கிழமை முதிர வேண்டிய நோட்டுக்கு அக்டோபர் 1 திங்கட்கிழமையே பணம் செலுத்தியாக வேண்டும் என்பது இதன் பொருள். நீதிமன்றத்திலோ அரசாங்க அலுவலகத்திலோ மனுத் தாக்கல் செய்வதற்குரிய கடைசி நாள் அவ்விடம் மூடியிருக்கும் நாளில் வந்தால், 1897-ஆம் ஆண்டின் பொதுக் கூறுகள் சட்டம் அதனை அடுத்துத் திறக்கும் நாளுக்குத் தள்ளிக் கொடுக்கிறது. முன்னதில் கெடு பின்னோக்கி வருகிறது. பின்னதில் முன்னோக்கிப் போகிறது. ஆர்.எச். நாளோ, பண்டிகையோ, நினைவு நாளோ தன்னளவில் இவ்விரண்டு கணக்குகளில் எதனையும் அசைக்காது.

பண்டிகை: மரபினால் அமைவது

பண்டிகைக்கு எவருடைய உத்தரவும் வேண்டுவதில்லை. சூரியனும் சந்திரனும் நடக்கும் நடையை ஒட்டியும், குலத்தின் ஆசாரத்தை ஒட்டியும் அது தானாகவே வருகிறது. அரசாங்கம் அதனைப் பின்தொடர்ந்து சென்று, இயன்றபோது அதற்கு விடுமுறை அளிக்கிறது. பின்தொடர்ந்து செல்வது என்பதனாலேயே சில சமயங்களில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

இதற்கு 2018-ஆம் ஆண்டுத் தீபாவளி சிறந்த உதாரணம். தமிழர்களாகிய நமக்குத் தீபாவளி என்பது சதுர்த்தசி திதி நிலவும் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்து நீராடும் நாள். டில்லி வாசிகளுக்கோ அது அமாவாசை நிலவும் அந்தி வேளையில் தீபம் ஏற்றி லக்ஷ்மியைப் பூஜிக்கும் நாள். விடியலில் சதுர்த்தசி இருந்து அன்று மாலைக்குள் அமாவாசையும் பிறந்துவிட்டால் இரு சாராருக்கும் ஒரே நாளில் பண்டிகை அமைந்துவிடும். 2023-இல் அவ்வாறே அமைந்தது. 2018-இலோ, நவம்பர் 6 செவ்வாய் விடியலில் சதுர்த்தசி இருந்தபோதிலும், அன்று அந்தி கழிந்து இரவிலேதான் அமாவாசை தொடங்கிற்று. ஆகையால் தமிழ்நாடு 6-ஆம் தேதி கொண்டாடிற்று. டில்லி 7-ஆம் தேதி புதன்கிழமை கொண்டாடிற்று. மத்திய அரசாங்கத்தின் சுற்றறிக்கை இந்த வேறுபாட்டை அறிந்தே எழுதப்பட்டது. நரக சதுர்த்தசியன்று தீபாவளி கொண்டாடி, அந்த ஒரு நாளையே மாநில அரசாங்கமும் கட்டாய விடுமுறையாக அறிவிக்கும் மாநிலங்களில், மத்திய அலுவலகங்களும் அந்நாளையே எடுத்துக்கொள்ளலாம் என்று அது இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் அந்தச் சலுகை மாநிலத்தைப் பொறுத்ததேயன்றி ஊழியருடைய தாய்மொழியைப் பொறுத்ததன்று. டில்லி ஊழியர், அவ்வாண்டின் ஆர்.எச். பட்டியலில் நரக சதுர்த்தசி இருந்தால் அதனைத் தெரிந்துகொள்ளலாம். இல்லையேல் சொந்த விடுப்பு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த அமாவாசையை அடுத்து வரும் ஆறாம் திதி இதனினும் அழகான பாடத்தைக் கற்பிக்கிறது. அந்தச் சஷ்டியன்று ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின் மேலுள்ள உத்தர சுவாமிமலைக் கோயிலில் கந்த சஷ்டி விரதம் பூர்த்தியாகிறது. ஆறு நாள் விரதம் இருந்த தமிழர்கள் சூரசம்ஹாரத்துக்காகக் கூடுகிறார்கள். பெரும்பாலும் அதே நாள் மாலையில், பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து டில்லியில் குடியேறிய மக்கள், நீரில் இறங்கி நின்று அஸ்தமிக்கும் சூரியனுக்கு அர்க்கியம் கொடுத்துச் சட் பூஜை செய்கிறார்கள். ஒரே திதியில், ஒரே நகரத்தில், இரண்டு பெரிய விரதங்கள் நிகழ்கின்றன. அண்மை ஆண்டுகளில் டில்லி அரசாங்கம் சட் பூஜைக்குப் பொது விடுமுறை அறிவித்து வருகிறது. மத்திய அரசாங்கம் அதனை ஆர்.எச். பட்டியலில் வைத்திருக்கிறது. இதிலிருந்து ஒரு பண்டிகை பெரிது, மற்றொன்று சிறிது என்று முடிவு கட்டுதல் தவறு. விடுமுறை, ஒரு வட்டாரத்தில் எத்தனை பேர் அந்நாளைக் கொண்டாடுகிறார்கள் என்பதையும் அரசாங்கத்தின் வசதியையும் பொறுத்து ஏற்படுவது. பண்டிகையின் மேன்மையை அளப்பதற்கு அது கருவியாகாது.

சிவப்பு எண்ணெல்லாம் களிப்பன்று

விடுமுறைப் பட்டியலில் இடம்பெற்றிருப்பதனாலேயே ஒரு நாள் கொண்டாட்டத்துக்கு உரியதாகிவிடாது. முஹர்ரமும் புனித வெள்ளியும் மத்திய அரசாங்கம் நாடெங்கும் கட்டாயமாக விடுமுறை அளிக்கும் நாட்கள். முஹர்ரம் மாதத்துப் பத்தாம் நாளில் ஷியா முஸ்லிம்கள் கர்பலாவில் இமாம் ஹுஸைன் உயிர் துறந்ததை எண்ணித் துக்கம் காக்கிறார்கள்; டில்லியில் தாஜியாக்கள் ஜோர் பாக் பகுதியிலுள்ள கர்பலா வரையில் ஊர்வலமாகக் கொண்டு செல்லப்படுகின்றன. புனித வெள்ளியன்று கிறிஸ்தவர்கள் இயேசு சிலுவையில் மரித்ததைத் தியானிக்கிறார்கள். இவை விடுமுறையும் நினைவு நாளும் ஒன்றாகக் கூடிய தினங்கள். ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் சொல்வதுபோல் இந்நாட்களில் வாழ்த்துச் செய்தி அனுப்புவது, துக்க வீட்டில் கல்யாண விசாரணை செய்வதற்கு ஒப்பாகும். அலுவலகத்தில் வாழ்த்துச் செய்திகளை எழுதும் பொறுப்பு யாரிடம் உள்ளதோ, அவர் இதனை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

அநுசரிப்பு நாளும் நினைவு நாளும்

இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை நுட்பமானது. இரண்டிலும் பெரும்பாலும் வேலை நிற்பதில்லை. இரண்டிலும் குறிப்பிட்ட ஒரு செயல் உண்டு. அந்தச் செயல் எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதைக் கொண்டே இரண்டையும் பிரித்தறிய வேண்டும். அநுசரிப்பு நாளில் செய்யப்படுவது சங்கல்பம். அது இனிமேல் நடக்கவேண்டியதை நோக்கியது. நினைவு நாளில் செய்யப்படுவது அஞ்சலி. அது இழந்ததை நோக்கியது.

நவம்பர் 26-ஐ எடுத்துக்கொள்வோம். 1949-இல் அந்நாளில் அரசியல் நிர்ணய சபை நம் அரசியல் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. 2015 முதல் அது அரசியல் சட்ட தினமாக அநுசரிக்கப்படுகிறது. அன்று அலுவலகங்கள் திறந்திருக்கும். ஊழியர்கள் கூடி நின்று சட்டத்தின் முகவுரையை வாசிப்பார்கள். அதே சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்த 1950 ஜனவரி 26-ஐக் குறிக்கும் குடியரசு தினமோ தேசிய விடுமுறை. ஒரே சட்டத்தைச் சார்ந்த இரு நாட்களில் ஒன்று நம்மை வேலையிலிருந்து விடுவிக்கிறது. மற்றொன்று வேலை செய்யும் இடத்துக்கே வந்து நிற்கச் சொல்கிறது.

நினைவு நாளுக்கு உதாரணமாக அக்டோபர் 21-ஐச் சொல்லலாம். 1959-இல் அந்நாளில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனத் துருப்புகளின் தாக்குதலில் பத்துப் போலீஸார் உயிரிழந்தனர். அவர்களை முன்னிட்டுப் பணியில் உயிர்நீத்த போலீஸார் அனைவருக்கும் அன்று அஞ்சலி செலுத்தப்படுகிறது. சாணக்கியபுரியிலுள்ள தேசியப் போலீஸ் நினைவகத்தில் மலர்வளையம் வைக்கிறார்கள். இங்கே பிரதிக்ஞை பிரதானமன்று, மறைந்தவரே பிரதானம்.

இந்த நான்கு வகைகளும் ஒருவருடைய வாழ்வைச் சுற்றியே எவ்வாறு பிரிந்து நிற்கின்றன என்பதை மகாத்மா காந்தியைச் சார்ந்த இரு நாட்களில் காணலாம். அவர் பிறந்த அக்டோபர் 2 தேசிய விடுமுறை. ஐக்கிய நாடுகள் சபை 2007-இல் அந்நாளையே சர்வதேச அஹிம்சை தினமாக அறிவித்தபடியால் அது அநுசரிப்பு நாளுமாயிற்று. ஆனால் அது பண்டிகையன்று. அன்றைக்கென்று வீட்டில் செய்யும் விரதமோ பலகாரமோ மரபில் ஏற்பட்டதில்லை. 1948 ஜனவரி 30 மாலையில் டில்லி பிர்லா மாளிகைத் தோட்டத்தில் அவர் சுடப்பட்டு மறைந்தார். அந்நாளே தியாகிகள் தினம். அது முழுமையான நினைவு நாள், விடுமுறையன்று. அன்று காலை 11 மணிக்கு நாடெங்கும் இரண்டு நிமிஷ மௌனம் காக்கும்படி உள்துறை அமைச்சகம் கேட்டுக்கொள்கிறது. சங்கு வசதியுள்ள இடங்களில் 10.59-க்கு ஊதத் தொடங்கி 11-க்கு நிறுத்துவார்கள், 11.02 முதல் 11.03 வரை மீண்டும் ஊதி, மௌனம் முடிந்ததை அறிவிப்பார்கள். அந்நாள் விடுமுறையாக இருந்தால் ஊழியர்கள் வீடுகளில் சிதறியிருப்பார்கள்; தம் தம் வேலையை நிறுத்தி எல்லோரும் ஒருங்கே எழுந்து நிற்கும் காட்சி கிட்டாது. வேலை நாளில் வேலையை இரண்டு நிமிஷம் நிறுத்துவதே இங்கு அஞ்சலியாகிறது.

நாட்குறிப்பு எழுதும் முறை

இனி இவ்வறிவைப் பயன்படுத்தும் விதத்தைச் சொல்வோம். ஒரு தாளில் தேதிக்கு அடுத்து நான்கு பத்திகளை வரைந்து, விடுமுறை, பண்டிகை, அநுசரிப்பு, நினைவு என்று தலைப்பிட்டுக்கொள்ள வேண்டும். முதலாவது பத்தியை உங்கள் அலுவலகத்துக்குரிய சுற்றறிக்கையைப் பார்த்தும், இரண்டாவதைப் பஞ்சாங்கத்தைப் பார்த்தும், பின்னிரண்டையும் அமைச்சகங்கள் அனுப்பும் கடிதங்களைப் பார்த்தும் நிரப்புதல் வேண்டும். ஒன்றைப் பார்த்து மற்றொன்றை ஊகித்தல் கூடாது.

2018-ஆம் ஆண்டின் சில நாட்களை, மத்திய அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் தமிழருக்காக இவ்வாறு எழுதிப் பார்ப்போம். அக்டோபர் 2-க்கு எதிரே விடுமுறைப் பத்தியிலும் அநுசரிப்புப் பத்தியிலும் குறி விழும். மற்ற இரண்டும் வெறுமையாக நிற்கும். அக்டோபர் 21-க்கு எதிரே நினைவுப் பத்தியில் மட்டும் குறி விழும். அன்று ஞாயிற்றுக்கிழமையாதலால் அலுவலகம் மூடியிருந்ததேயன்றி நினைவு நாளின் காரணமாக மூடியதன்று. அக்டோபர் 31 சர்தார் பட்டேலின் பிறந்த நாள். தேசிய ஒருமைப்பாட்டு தினமாகிய அன்று பிரதிக்ஞை எடுக்கப்படுவதால் அநுசரிப்புப் பத்தியில் குறியிட்டு, அலுவலகத்துக்குச் சென்றாக வேண்டும். நவம்பர் 6-க்கு எதிரே பண்டிகைக் குறி மட்டுமே விழும். விடுப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம். நவம்பர் 7-க்கு எதிரே விடுமுறையும் பண்டிகையும் சேர்ந்து விழும். அன்று அண்டை வீட்டாருடைய தீபாவளி. நவம்பர் 13 செவ்வாய்க்கிழமை சூரசம்ஹாரம். பண்டிகை உண்டு, பொது விடுமுறை இல்லை. நவம்பர் 26-க்கு எதிரே அநுசரிப்பு மட்டும் நிற்கும். இவ்வேழு தேதிகளில் பொது விடுமுறைப் பட்டியலைச் சேர்ந்தவை இரண்டே என்பதை வாசகர் கவனிக்கக்கூடும். சிவப்பு எண்களை மட்டும் பார்ப்பவருக்கு மற்ற ஐந்தும் கண்ணிற் படமாட்டா.

கவனிக்க வேண்டியவை

பிறை பார்த்து நிர்ணயிக்கப்படும் ஈத் முதலிய நாட்களைப் பென்சிலால் எழுதுக. சுற்றறிக்கையில் அச்சிட்ட தேதி உத்தேசமானதே. டில்லியில் பிறை நிலையை உள்ளூர் அரசாங்கத்திடம் விசாரித்தறிந்து, தேவையானால் மத்திய அரசாங்கம் தேதியை மாற்றி அறிவிக்கிறது. சில சமயம் இம்மாற்றம் முந்திய தினத்திலேதான் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வெளியாகும். எழுத்து மூலமான உத்தரவுக்குக் காத்திராமல் அலுவலகத் தலைவர் அவ்வறிவிப்பின்படியே நடந்துகொள்ளலாம். ஆகையால் அந்நாட்களை ஒட்டிப் பிரயாணச் சீட்டு வாங்குவோர் ஒரு நாள் முன்பின் இடம் விட்டு வாங்குதல் விவேகம்.

சென்ற ஆண்டின் குறிப்பைப் பார்த்து இவ்வாண்டுக்கு நகலெடுப்பதும் அடிக்கடி நேரும் பிழை. தேதி மாறாமல் வருபவை தேசிய விடுமுறைகளும், கிறிஸ்துமஸும், அநுசரிப்பு நாட்களிலும் நினைவு நாட்களிலும் பெரும்பாலானவையும் மாத்திரமே. திதியை ஒட்டி வரும் பண்டிகைகள் ஆண்டுதோறும் இடம் மாறும். தைப் பொங்கல் போன்று சூரியனை ஒட்டி வருபவையும் ஜனவரி 14-க்கும் 15-க்கும் இடையே நகரும். ஆகையால் நினைவுப் பத்தியையும் அநுசரிப்புப் பத்தியையும் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, விடுமுறைப் பத்தியையும் பண்டிகைப் பத்தியையும் ஒவ்வோர் ஆண்டும் புதிய சுற்றறிக்கையையும் புதிய பஞ்சாங்கத்தையும் எதிரே வைத்துக்கொண்டு மறுபடியும் எழுத வேண்டும். எழுதி முடித்த பின், பண்டிகைப் பத்தியில் குறி இருந்து விடுமுறைப் பத்தி வெறுமையாக நிற்கும் தேதிகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்து, அவற்றில் உங்கள் குடும்பத்துக்கு இன்றியமையாத இரண்டைத் தேர்ந்து, அவை ஆர்.எச். பட்டியலிலும் இருக்கின்றனவா என்று சரிபார்த்து, ஜனவரி மாதத்திலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.